பந்தியில் விழுந்த வார்த்தை

பதினைந்து வருடப் பழக்கம் உள்ள இரண்டு நண்பர்கள். பெயருக்கு பாலு, முருகன் என்று வைத்துக்கொள்வோம். ஊர் மதுரை. முருகன் புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்திருக்கிறார். மதியப் பந்தியில் யாரோ தரையின் டைல்ஸைப் புகழ்கிறார்கள். பாலு சிரித்துக்கொண்டே, “டைல்ஸ் போடக் காசு இருக்கு, என் அறுபதாயிரத்தத் திருப்பித் தரத்தான் காசு இல்ல போல” என்கிறார். அதே வரிசையில் முருகனின் மாமனார் உட்கார்ந்திருக்கிறார். முருகன் முகம் மாறி, “நீ சாப்பிட வந்தியா, வசூல் பண்ண வந்தியா?” என்று கேட்கிறார். குரல்கள் உயர்கின்றன. பாலு இலையை மூடாமலே எழுந்து போய்விடுகிறார்.

இது நான் கற்பித்த கதைதான். ஆனாலும் இதன் சாயலில் ஒன்றைப் பார்க்காத குடும்பம் அரிது. நெருங்கிய நண்பர்களிடையே பெரிய சண்டை பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது: பல நாள் உள்ளே கிடந்த ஒரு கணக்கு, தவறான இடத்தில், தவறான ஆள் முன்னால், ஒரே வாக்கியமாக வெளியே வந்துவிடுகிறது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பாலுவுக்கு அன்று இரவே தோன்றிவிடும். ஆனால் எதற்காகக் கேட்பது என்பது அவருக்குத் தெரியுமா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன். பெரும்பாலான மன்னிப்புகள் பிசகுவதும் அங்கேதான்.

ராய் பாமைஸ்டர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990-இல் தம் சகாக்களுடன் ஓர் ஆய்வை வெளியிட்டார். கலந்துகொண்டவர்களிடம் இரண்டு கதைகள் எழுதச் சொன்னார்கள். ஒன்று, அவர்கள் இன்னொருவரைக் கோபப்படுத்திய சம்பவம். மற்றொன்று, இன்னொருவர் அவர்களைக் கோபப்படுத்திய சம்பவம். எழுதியவர் ஒருவரேதான். ஆனாலும் இரண்டு கதைகளின் அமைப்பும் வேறாக இருந்தது. தான் புண்படுத்திய கதையில் அது ஒரு தனிச் சம்பவம். அப்படி நடந்துகொள்ள ஒரு காரணம் இருந்தது. அன்றோடு முடிந்தும் போயிற்று. தான் புண்பட்ட கதையிலோ அதற்கு ஒரு முன்கதை உண்டு, பின்விளைவு உண்டு, அது இன்னும் முடியவும் இல்லை.

நம் பந்திக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பாலுவைப் பொறுத்தவரை நடந்தது ஐந்து நிமிட விஷயம். கடைக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டிய நெருக்கடியில் வாய் தவறிவிட்டது, அவ்வளவுதான். முருகன் வீட்டில் அந்த ஐந்து நிமிடம் நாள்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. பாலு தன் கதைக்கு மன்னிப்புக் கேட்டால் முருகனின் கதையில் அதற்கு இடமே இருக்காது. “கோவத்துல பேசிட்டேன், மனசுல வச்சுக்காத” என்ற வழக்கமான வாக்கியம் நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டாலும் வேலை செய்யாமல் போவது இதனால்தான். கோபத்தில் பேசினார் என்பது முருகனுக்கும் தெரியும். அவருக்கு வலிப்பது வேறொன்று.

இனி இரவு பதினொரு மணி. பாலு வாட்ஸ்அப்பைத் திறக்கிறார். முதலில் கைக்கு வரும் செய்தி அநேகமாக இப்படி இருக்கும்:

“சாரிடா. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனா நீயும் வசூல் பண்ண வந்தியான்னு கேட்டது தப்பு. எனக்கு கடை அட்வான்ஸ் டென்ஷன், உனக்கே தெரியும். உனக்குக் கஷ்டமா இருந்திருந்தா மன்னிச்சிரு.”

இதில் பொய் ஏதும் இல்லை. ஒவ்வொரு வரியும் உண்மை. ஆனால் படிப்பவர் கண்ணில் இது எப்படி விழும்? “அப்படி” என்றால் எப்படி? தான் சொன்னதைத் திரும்பச் சொல்லக்கூட பாலு தயங்குகிறார். “ஆனா” வந்ததும் மன்னிப்பு முடிந்து வழக்கு தொடங்கிவிடுகிறது. கடை அட்வான்ஸ் பேச்சு, பந்தியில் கேட்ட அதே கடனை இரவில் இன்னொரு முறை நினைவூட்டுகிறது. “கஷ்டமா இருந்திருந்தா” என்பது, கஷ்டப்பட்டதே சந்தேகம்தான் என்று சொல்வதுபோல் இருக்கிறது. கடைசியில் வரும் “மன்னிச்சிரு” உடனே ஒரு பதிலைக் கேட்கிறது. முருகன் இப்போது “சரி விடு” என்று பொய் சொல்ல வேண்டும், அல்லது பதில் போடாமல் கெட்ட பெயர் எடுக்க வேண்டும்.

மன்னிப்பின் உறுப்புகளைப் பிரித்துச் சோதித்தவர்கள் உண்டு. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராய் லெவிக்கியும் சக ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் ஆறு உறுப்புகளை எடுத்துக்கொண்டார்கள்: வருத்தம் தெரிவிப்பது, நடந்ததற்கு விளக்கம் தருவது, பொறுப்பை ஏற்பது, இனி செய்யமாட்டேன் என்பது, சரிசெய்ய முன்வருவது, மன்னிக்கச் சொல்லிக் கேட்பது. இவற்றில் மிக அதிக எடை பெற்றது, “தவறு என்னுடையது” என்று பொறுப்பேற்பது. அடுத்து, சரிசெய்ய முன்வருவது. கடைசி இடம் மன்னிப்பை வேண்டிக் கேட்பதற்கு. அவர்கள் சோதித்தது வேலைக்கு விண்ணப்பித்த ஒருவர் முன்பு செய்த தவறு பற்றிய சூழலைத்தான், நண்பர்களை அல்ல. ஆகவே அந்த வரிசையை அப்படியே நட்புக்குக் கொண்டுவர முடியாது. ஆனாலும் பாலுவின் செய்தியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. எடை குறைந்தவற்றில் பெரும்பாலானவை அதில் இருக்கின்றன. எடை கூடிய இரண்டும் இல்லை.

அவசரத்துக்கும் ஒரு விலை உண்டு. சிந்தியா ஃபிராண்ட்ஸ், கோர்ட்னி பென்னிக்சன் இருவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, சற்றுத் தாமதித்து வந்த மன்னிப்பு உடனடி மன்னிப்பைவிட அதிக மனநிறைவு தந்ததைக் காட்டியது. காரணத்தையும் அவர்கள் தேடினார்கள். புண்பட்டவர் தன் மனக்குறையைச் சொல்லி முடித்து, எதிரில் இருப்பவருக்கு அது புரிந்தது என்று உணர்ந்த பிறகு வரும் மன்னிப்புதான் நின்றது. தாமதம் என்பதற்காக மாதக்கணக்கில் ஊமையாக இருந்துவிடக் கூடாது. நெருங்கிய நட்பில் மௌனத்துக்கும் ஓர் அர்த்தம் உண்டு. ‘அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை’ என்று அது படிக்கப்படும்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: குறுஞ்செய்தியும் நேர்ச்சந்திப்பும் செய்ய வேண்டியவை இரண்டு வேறு வேலைகள். செய்தி சீக்கிரம் போக வேண்டும், ஆனால் அதன் வேலை சிறியது. தனக்குத் தெரிந்தவரை தன் தவறை ஒத்துக்கொண்டு, பேசுவதற்கு வழி திறந்துவிட்டு நின்றுகொள்ள வேண்டும். முழு மன்னிப்பு நேரில், கேட்ட பிறகு வர வேண்டும்.

அப்படியானால் பாலு மறுநாள் காலை அனுப்ப வேண்டியது ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

“மாப்ள, நேத்து பந்தியில உங்க மாமனார் இருக்கும்போது கடன் விஷயத்தை எடுத்தது என் தப்பு. அது நமக்குள்ள இருந்திருக்க வேண்டிய பேச்சு. நேர்ல வந்து பேசணும்னு இருக்கேன். உனக்கு எப்பத் தோதுப்படுதோ சொல்லு. இதுக்கு உடனே பதில் போடணும்னு இல்ல.”

தவறு இன்னதென்று பெயர் சொல்லியாயிற்று. ‘ஆனா’ இல்லை. பணம் எப்போது கிடைக்கும் என்ற வாசம்கூட இல்லை. கடைசி வரிதான் இதில் முக்கியமானது என்பேன். நீல டிக் வந்த பிறகு பதில் வராத ஒவ்வொரு மணி நேரமும் இரண்டு பக்கமும் கனக்கும். அந்தக் கனத்தை நண்பன் தோளிலிருந்து இறக்கிவைப்பதே ஒரு மரியாதை.

காலை என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. இரவில் எழுதியதை அனுப்பிவிட்டு, திருத்திக்கொள்ளலாம், அழித்துக்கொள்ளலாம் என்று நம்பக் கூடாது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். திருத்தியதற்கான அடையாளம் அதிலேயே நிற்கும். எல்லோருக்குமாக அழித்தால் அழிக்கப்பட்ட செய்தி என்ற குறிப்பு மிஞ்சும். சண்டை நடந்த மறுநாள் நண்பனின் பெயரோடு அப்படி ஒரு குறிப்பைப் பார்ப்பவர் அங்கே என்ன எழுதியிருந்தது என்று மோசமாகத்தான் கற்பனை செய்வார். செல்பேசியின் குறிப்பேட்டில் எழுதி வைத்து, விடிந்த பிறகு படித்துப் பார்த்து அனுப்புவது எளிது.

முழு மன்னிப்பையும் எழுத்திலேயே முடித்துவிடலாகாதா என்று கேட்கலாம். எழுத்துக்கு ஒரு பலம் உண்டு: எதிராளி முகத்தைச் சீர்செய்துகொள்ளத் தேவையில்லாமல், தன் நேரத்தில், தனியாகப் படிக்கலாம். பலவீனம் குரல் இல்லாததுதான். ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்ளி குழுவினர் 2005-இல் மின்னஞ்சலை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு வாக்கியத்தை நையாண்டியாகவோ உண்மையாகவோ அனுப்ப வேண்டும். பெறுபவர் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அனுப்பியவர்கள் ஏறக்குறைய 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்ளப்படும் என்று நம்பினார்கள். புரிந்ததோ சுமார் 56 சதவீதம். காசைச் சுண்டிவிட்டுச் சொல்வதைவிடக் கொஞ்சம்தான் மேல். குரலில் சொன்னபோது பெரும்பாலும் சரியாகவே புரிந்தது. எழுதுகிறவருக்குத் தன் குரல் தன் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அது எழுத்தோடு போவதில்லை என்பதை அவர் மறந்துவிடுகிறார். “என் தப்புதான்” என்று பாலு நெகிழ்ந்து எழுதினாலும், கோபம் தணியாத முருகன் அதை “என் தப்புதான் சாமி, ஆளை விடு” என்ற தொனியில் படிக்க முடியும்.

நண்பர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் நேரில் பார்க்க வழியில்லை. அப்போது முதலில் இப்படி ஒரு சிறு செய்தி, பிறகு அவர் சொல்லும் நேரத்தில் அழைப்பு. வாய்ஸ் நோட்டில் குரல் இருக்கிறது, ஆனால் நடுவில் நண்பர் ஒன்றும் சொல்ல முடியாது; ஐந்து நிமிட வாய்ஸ் நோட்டு என்பது ஐந்து நிமிடச் சொற்பொழிவு. எட்டுப் பேர் தங்கும் அறையில் அவர் அதை ஒலிபெருக்கியில் போட்டுவிடவும் கூடும்.

முருகன் இரண்டு நாள் கழித்து, “வா, பேசுவோம்” என்கிறார். எங்கே? முருகன் வீடு வேண்டாம். மாமனாரும் மனைவியும் அடுத்த அறையில் இருக்க அவர் மனம்விட்டுப் பேசமாட்டார். பாலுவின் கடையும் வேண்டாம். அங்கே முருகன் விருந்தாளி ஆகிவிடுவார். வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி மாலையில் நடக்கலாம். எதிரெதிரே உட்கார்ந்து முகம் பார்க்கும்போது வராத சொற்கள் பக்கவாட்டில் நடக்கும்போது வரும், ஆண்களிடையே குறிப்பாக. ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இதை டாஸ்மாக் மேசையில் வைத்துக்கொள்ளக் கூடாது. போதையில் கட்டிப்பிடித்து அழுத சமாதானங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மறுநாள் காலையில் யார் எதை ஒப்புக்கொண்டார் என்பது இருவருக்கும் தெளிவாக இராது. சண்டை அப்படியே கிடக்கும், பேசிவிட்டோம் என்ற எண்ணம் மட்டும் அதன்மேல் படிந்திருக்கும்.

பாலு செய்தியில் சொன்னதையே வாயாலும் சொல்ல வேண்டும், சுருக்கமாக. பிறகு கேட்க வேண்டும்: “உனக்கு அன்னைக்கு எப்படி இருந்துச்சு?” கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இந்த இடம்தான் கடினம். முருகன் பேசத் தொடங்கியதும் அதில் இரண்டு விவரமாவது தப்பாக இருக்கும். ‘நான் சிரிச்சிக்கிட்டுத்தானே சொன்னேன்’ என்று நாக்கு துடிக்கும். திருத்தக் கூடாது. முருகன் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்:

“நீ காசு கேட்டது எனக்குப் பிரச்சன இல்லடா. எங்கம்மா ஆஸ்பத்திரிச் செலவுக்கு உங்கிட்ட வாங்குனது மாமனாருக்குத் தெரியாது. ‘எங்கிட்ட கேக்காம வெளிய கடன் வாங்குனியா’ன்னு அவருக்கு வருத்தம். வீட்டுல அதே பேச்சுதான். அதவிட, நீ எலையில இருந்து எந்திரிச்சிப் போன பாரு, எங்கம்மா அப்பவே அழுதுட்டாங்க.”

பாலு இதுவரை மன்னிப்புக் கேட்ட தவறு ஒன்று. இப்போது தெரிய வந்தவை இரண்டு. கடனை மாமனார் அறியாதது அவருக்குத் தெரியாது. இலையிலிருந்து எழுந்தது அவர் கணக்கில் தவறே இல்லை. அவமானப்பட்டவன் வெளியேறினேன் என்றுதான் அதை நினைத்திருந்தார். விருந்து வைத்த வீட்டில், அதுவும் புது வீட்டில், பாதி இலையில் எழுவது அந்தத் தாய்க்கு எப்படிப்பட்டது என்பது அவர் கண்ணில் படவே இல்லை. இப்போது அவர் வாயிலிருந்து வரும் மன்னிப்பு, இரவு பதினொரு மணிக்கு எழுதியிருக்கக்கூடிய எதிலும் இருந்திருக்க முடியாதது: “அம்மா முன்னாடி எலைய விட்டு எந்திரிச்சது பெரிய தப்புடா. உங்க வீட்டுக்குள்ள இப்படி ஒரு பேச்ச கிளப்பிவிட்டதும் நான்தான்.”

அடுத்தது சரிசெய்வது. அம்மாவைப் போய்ப் பார்த்து, அந்த வீட்டில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடுவது சரியான பரிகாரம். இலையில் நடந்த தவறுக்கு இலையிலேயே பதில். மாமனாரிடம் போய் விளக்கட்டுமா என்பதை பாலு தானாக முடிவு செய்யக் கூடாது. முருகனிடம் கேட்க வேண்டும். “வேணாம், நானே பேசிக்கிறேன்” என்று அவர் சொன்னால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மற்றவர் வீட்டு விஷயத்தை அவர் அனுமதியின்றி எடுத்ததுதான் முதல் தவறு. பரிகாரம் என்ற பெயரில் அதையே இன்னொரு முறை செய்யலாகாது.

பணம்? உணர்ச்சி வேகத்தில் “அந்த அறுபதாயிரத்த மறந்துரு மாப்ள” என்று சொல்லத் தோன்றும். சொல்லக் கூடாது. அது முருகனைக் கடனாளி நிலையிலிருந்து தானம் வாங்கியவர் நிலைக்குத் தள்ளும். பாலுவுக்கும் அது தாங்காது. ஆறு மாதத்தில் அந்தக் கசப்பு வேறொரு பந்தியில் வெளியே வரும். கடன் நியாயமானது, கேட்ட இடம்தான் தவறு. இரண்டையும் பிரித்து வைத்து, வேறொரு நாள், வேறொரு பேச்சில், எவ்வளவு எப்போது என்று பேசிக்கொள்ளலாம். “வசூல் பண்ண வந்தியா” என்ற சொல்லுக்கு முருகன் வருத்தம் தெரிவிக்கவும் கூடும். ஆனால் பாலு அதற்காகக் காத்திருக்கக் கூடாது. பதிலுக்கு இவ்வளவு என்று மனதில் கணக்கு வைத்துக் கேட்கும் மன்னிப்பை எதிராளி கண்டுபிடித்துவிடுவார்.

நம் ஊர் நட்பில் இன்னொரு தடை இருக்கிறது. “நமக்குள்ள என்னடா மன்னிப்பு” என்ற பேச்சு. உரிமை உள்ள இடத்தில் மன்னிப்புக் கேட்பது நட்பை அந்நியமாக்கிவிடும் என்று பலர் உண்மையாகவே நம்புகிறார்கள். திருக்குறளில் 81-ஆம் அதிகாரமான ‘பழைமை’ இதைப் பற்றியதுதான். நெடுநாள் நண்பர் நோகும்படி ஒன்றைச் செய்தால், அறியாமையால் செய்தார் என்றோ மிகுந்த உரிமையால் செய்தார் என்றோ எடுத்துக்கொள்ளும்படி வள்ளுவர் சொல்கிறார். ஆனால் யாரிடம் சொல்கிறார் என்று பாருங்கள். நொந்தவரிடம். அந்தப் பெருந்தன்மை முருகனுக்கு உரியது. “உரிமையிலதானே சொன்னேன்” என்று பாலு அதைத் தன் வாதமாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஏற்றுக்கொண்டாரா என்பதை எப்படி அறிவது? “விடுடா, அதெல்லாம் ஒண்ணும் இல்ல” என்பது ஏற்பு ஆகாது. பல சமயம் அது கதவை மெதுவாகச் சாத்துவது. நண்பர்கள் குழுவில் எல்லோருக்கும் வாக்கியமாக எழுதுபவர் உங்களுக்கு மட்டும் கட்டைவிரல் அடையாளம் போடுகிறார், நீங்கள் அழைத்தால் எடுக்கிறார், அவராக அழைப்பதில்லை என்றால் புண் இன்னும் ஆறவில்லை. திட்டினால் நல்ல அறிகுறி. “எங்கம்மாவ அழ வச்சவன்தானே நீ” என்று அவராகவே சொல்லிக் காட்டினால் அந்தப் பேச்சுக்கு மறுபடியும் இருவருக்கும் இடையே இடம் கிடைத்துவிட்டது என்று பொருள். இன்னும் தெளிவான அறிகுறி, அவர் உங்களிடம் ஓர் உதவி கேட்பது. மனத்தாங்கல் உள்ளவரிடம் யாரும் வண்டியை இரவல் கேட்பதில்லை.

பதிலே வராமலும் போகலாம். எத்தனை முறை முயல்வது? பன்னிரண்டாம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடிஸ் தம் சட்டத் தொகுப்பில் இதற்கு ஒரு வழி வகுத்திருக்கிறார். மன்னிக்க மறுப்பவரிடம் மூன்று நண்பர்களை அழைத்துக்கொண்டு போய்க் கேட்க வேண்டும். மறுத்தால் இரண்டாம் முறை, மூன்றாம் முறையும் போக வேண்டும். அதற்கு மேல் கேட்டவர்மீது கடமை இல்லை. நம்மிடமும் பொது நண்பர் ஒருவரைத் தூது அனுப்பும் வழக்கம் உண்டு. அவர் எடுத்துச் செல்ல வேண்டியது “அவன் உன்னைப் பார்க்கணும்னு நினைக்கிறான்” என்ற ஒன்றை மட்டுமே. மன்னிப்பை அவர் வாயில் கொடுத்தனுப்பினால் அது சமரசப் பஞ்சாயத்து ஆகிவிடும்.

மூன்று முறைக்குப் பிறகு செய்தி அனுப்புவதை நிறுத்திவிட வேண்டும். தொடர்ந்து வரும் ‘சாரி’கள் ஒரு கட்டத்தில் நண்பரைத் துரத்துவதாக மாறிவிடும், மன்னிக்காத குற்றமும் அவர் தலையில் ஏறும். நிறுத்திய பிறகும் பாலுவுக்குச் செய்ய ஏதோ இருக்கிறது. பொது நண்பர்களிடம் தன் பக்கக் கதையைச் சொல்லித் திரியாமல் இருப்பது. மாமனார் காதுக்குப் போகும்படி கடனைப் பற்றி இன்னொரு சொல் பேசாமல் இருப்பது. பேச்சுவார்த்தை இல்லாத வீடானாலும் சாவு விழுந்தால் போய் நிற்பது நம் ஊர் வழக்கம். முருகன் வீட்டில் அப்படி ஒன்று நேர்ந்தால் பாலு போக வேண்டும். பழையதை அங்கே எடுக்காமல், நாற்காலி எடுத்துப் போட்டு, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, முடிந்ததும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட வேண்டும். அவர் வந்திருந்ததை முருகன் கவனித்திருப்பார். அதன் பிறகு அழைப்பதா வேண்டாமா என்பது முருகன் எடுக்க வேண்டிய முடிவு.